மொட்டை மாடியில் போட்ட சோலாரை முதுகலை விண்ணப்பத்தில் எழுதுவது எப்படி

புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் முதுகலை படிக்க விண்ணப்பிக்கும் பொறியியல் மாணவர்களில் சிலரிடம், மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. தங்கள் வீட்டு மாடியில் சிறிய சோலார் அமைப்பு ஒன்றைத் தாங்களே போட்டிருக்கிறார்கள். ஆனால் நோக்க அறிக்கையில், அதாவது எல்லோரும் எஸ்ஓபி என்று சொல்கிற அந்த இரண்டு பக்கத்தில், இது பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. "எங்கள் வீட்டுக்கு நானே சோலார் அமைத்தேன், அதிலிருந்து இந்தத் துறையில் ஆர்வம் வந்தது." படிக்கிற பேராசிரியருக்கு இந்த வரியிலிருந்து ஒன்றும் தெரியாது. எவ்வளவு பெரிய அமைப்பு, யார் கணக்குப் போட்டது, எதிர்பார்த்தது கிடைத்ததா, கிடைக்காவிட்டால் ஏன், எதுவும் அதில் இல்லை.

அந்த ஒரு வரியை முழு அறிக்கையின் முதுகெலும்பாக மாற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். உங்கள் அமைப்பு ஒழுங்காக ஓடியது என்பதைவிட, அது எங்கே தவறியது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், உங்களிடம் இருந்த கருவிகளால் எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பவைதான் அறிக்கைக்குப் பயன்படும். பதில் கிடைக்காத அந்தக் கேள்விதான் நீங்கள் முதுகலை படிக்கப் போவதற்கான காரணம்.

முதலில் மாடிக்குப் போங்கள்

எழுத உட்காரும் முன் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். நினைவிலிருந்து எழுதினால் எண்கள் தப்பாக வரும். தப்பான எண்ணைத் துறை தெரிந்தவர் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார்.

ஒரு மல்டிமீட்டர், ஒரு டேப், ஒரு நோட்டு போதும். பேனலின் பின்பக்க லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உச்சத் திறன், அந்தத் திறனில் உள்ள மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பக் குணகம் ஆகிய நான்கும் வேண்டும். வெப்பக் குணகம் லேபிளில் இல்லாவிட்டால் அந்த மாடலின் தரவுத் தாளில் இருக்கும். பேனலிலிருந்து சார்ஜ் கன்ட்ரோலர் வரையும், அங்கிருந்து பேட்டரி வரையும் ஒயர் எத்தனை மீட்டர், எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். பலர் இந்த ஒயர் கணக்கை விட்டுவிடுவார்கள். கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிறகு பதினான்கு நாள், காலை ஒன்பது, நண்பகல், மூன்று மணி, இரவு பத்து என நான்கு வேளை அளவெடுங்கள். பேட்டரியின் முனையில் மின்னழுத்தம், கன்ட்ரோலரின் முனையில் மின்னழுத்தம், பேட்டரிக்குள் போகும் மின்னோட்டம், வானம் தெளிவா மேகமா, இவ்வளவுதான். மின்னோட்டத்துக்கு கிளாம்ப் மீட்டர் வாங்குவதாக இருந்தால் டிசி அளக்கக்கூடியதுதானா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஏசி மட்டுமே அளக்கும், சோலார் ஒயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டும். கன்ட்ரோலரிலேயே ஆம்பியர் காட்டும் திரை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது கன்ட்ரோலர் காட்டிய அளவு என்று நோட்டில் குறித்துவையுங்கள். தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரால் வாரம் ஒருமுறை அடர்த்தியும் பாருங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பாருங்கள், அது அமிலம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

எண்கள் எப்படிப் பேசும் என்று காட்ட ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். காரைக்குடிப் பக்கம் ஒரு மாடி வீடு. மின்வெட்டுக்காக ஏற்கெனவே 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும் மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. மின்பொறியியல் படித்த அந்த வீட்டுப் பெண் 165 வாட் பேனல் இரண்டை இணையாகக் கோத்து, பிடபிள்யூஎம் வகை சார்ஜ் கன்ட்ரோலர் வழியாக அந்தப் பேட்டரியோடு சேர்க்கிறாள். பேனல் லேபிளில் 18.8 வோல்ட், 8.78 ஆம்பியர் என்று இருக்கிறது. கன்ட்ரோலரை வெயில் படாமல் மாடி அறைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். அங்கிருந்து பேட்டரி வரை 12 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர்.

தமிழ்நாட்டு வெயிலுக்கு ஆண்டுச் சராசரியாக நாளுக்கு ஐந்து உச்ச வெயில் மணி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 330 வாட்டை ஐந்தால் பெருக்கினால் 1.65 கிலோவாட்-மணி, அதாவது ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கணக்கை நம்பி இரண்டு பிஎல்டிசி மின்விசிறி, நான்கு எல்இடி விளக்கு, வைஃபை ரூட்டர் ஆகியவற்றை இரவு முழுக்க ஓட்டலாம் என்று திட்டம். ஆனால் இரவு பத்து மணிக்கெல்லாம் இன்வெர்ட்டர் கூவுகிறது. காலை பத்தரைக்கே கன்ட்ரோலரில் "நிறைந்தது" விளக்கு எரிந்துவிடுகிறது. பேட்டரி அடர்த்தியோ முழுச் சார்ஜில் இருக்க வேண்டிய 1.240-க்கு வராமல் 1.190-இல் நிற்கிறது. கன்ட்ரோலர் நிறைந்தது என்கிறது, பேட்டரி இல்லை என்கிறது.

இந்த முரண்பாட்டை எஸ்ஓபியில் எழுதுகிற இடத்தில்தான் விண்ணப்பம் எழுந்து நிற்கும். காரணத்தை அவள் தேடிய விதத்தைப் பாருங்கள். நண்பகலில் இரண்டு முனைகளிலும் மின்னழுத்தம் அளக்கிறாள். கன்ட்ரோலர் முனையில் 14.4 வோல்ட், பேட்டரி முனையில் 13.0. நடுவில் 1.4 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. அப்போது ஓடும் மின்னோட்டம் 11.7 ஆம்பியர். 1.4-ஐ 11.7-ஆல் வகுத்தால் 0.12 ஓம். ஒயரின் பக்கம் போய்ச் சரிபார்க்கலாம். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக்கு மீட்டருக்குச் சுமார் 5 மில்லி ஓம். போக 12 மீட்டர், வர 12 மீட்டர், மொத்தம் 24. பெருக்கினால் அதே 0.12 ஓம். ஆக, இழந்த மின்னழுத்தம் முழுவதும் ஒயரில்தான் விழுகிறது. இணைப்புத் திருகு தளர்ந்திருந்தால் அளந்த மதிப்பு கணக்கைவிடக் கூடுதலாக வந்திருக்கும். அந்த ஐயமும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

கன்ட்ரோலர் தன் முனையில் இருக்கும் மின்னழுத்தத்தைத்தான் பார்க்கிறது. அங்கே 14.4 தொட்டதும் பேட்டரி நிறைந்துவிட்டதாக நினைத்து மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்குகிறது. சில மணி நேரம் கழித்து மிதவைக் கட்டத்துக்குப் போய் 13.7-ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறது. அப்போது பேட்டரி 13.2-இல் இருந்தால் மீதி அரை வோல்ட்டுக்கு 4 ஆம்பியர்தான் ஓடும். வெளியே வெயில் கொளுத்துகிறது, பேனலில் மின்சாரம் இருக்கிறது, பேட்டரி பாதிப் பசியில் நிற்கிறது.

தீர்வுக்கு அந்த 12 மீட்டர் ஒயரை மாற்றத் தேவைப்படவில்லை. கன்ட்ரோலரைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே பேட்டரிக்கு அரை மீட்டர் தள்ளி மாட்டி, நடுவே 10 சதுர மில்லிமீட்டர் ஒயரும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் போடுகிறாள். ஃபியூஸ் அங்கே இருப்பதற்குக் காரணம், ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளக்கூடியது பேனல் அல்ல, பேட்டரி என்பது. பழைய 12 மீட்டர் ஒயர் இப்போது பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே. அதே ஒயர், அதே இழப்பு. ஆனால் பேட்டரி 13.0-இல் இருக்கும்போது 16 ஆம்பியர் ஓடினால் பேனல் முனையில் சுமார் 14.9 வோல்ட் இருந்தால் போதும். சூடான பேனலே 16 வோல்ட்டுக்கு மேல் தரும் என்பதால் மின்னோட்டம் குறைவதில்லை. நாளுக்கு 55 ஆம்பியர்-மணி போய்க்கொண்டிருந்த பேட்டரிக்கு இப்போது 82 போகிறது.

எஸ்ஓபியில் இவ்வளவும் எழுத இடமிருக்காது. ஆனால் இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேர்காணல் வைக்கும் படிப்புகளில் அடுத்த கேள்வி இங்கிருந்துதான் வரும்.

தீராத கேள்வியைக் கண்டுபிடிப்பது

82 ஆம்பியர்-மணியை 13.3 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 1.09 கிலோவாட்-மணி. எதிர்பார்த்தது 1.65. இன்னும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இந்த இடத்தில் பலர் கை போன போக்கில் காரணங்களை அடுக்குவார்கள். வெப்பத்தால் 14 சதவீதம், பிடபிள்யூஎம்மால் 30 சதவீதம், ஒயரால் 10 சதவீதம், தூசியால் 5 என்று கூட்டிக்கொண்டே போவார்கள். துறை தெரிந்தவர் கண்ணில் முதலில் குத்துவது இந்தக் கூட்டல்தான்.

பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலை நேராகப் பேட்டரியோடு இணைத்துவிடுகிறது. அதனால் பேனலின் மின்னோட்டம் மட்டும் பேட்டரிக்குப் போகிறது, பேட்டரிக்கு மேலே உள்ள மின்னழுத்தம் வீணாகிறது. வெயிலில் பேனல் 60 டிகிரிக்குச் சூடானால் 25 டிகிரிக்கு மேல் 35 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 0.4 சதவீதம் என்றால் 14 சதவீதம் திறன் குறைகிறது. ஆனால் அது கிட்டத்தட்ட முழுவதும் மின்னழுத்தத்தில் குறைவது. 18.8 வோல்ட் 16.2 ஆகிறது, மின்னோட்டம் அப்படியே இருக்கிறது. எப்படியும் வீணாகப் போகிற மின்னழுத்தத்திலிருந்துதான் வெப்பமும் ஒயரும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே மூன்றையும் தனித்தனி இழப்பாகக் கூட்டினால் ஒரே பணத்தை மூன்று முறை செலவு எழுதியது போல் ஆகும்.

இப்போது கேள்வி வருகிறது. பேனலை அதன் உச்சத் திறன் மின்னழுத்தத்திலேயே ஓடவிட்டு, மிஞ்சும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டமாக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் போட்டிருந்தால் எவ்வளவு கூடியிருக்கும்? விளம்பரங்களில் 30 சதவீதம் என்று இருக்கும். நம் மாணவி நண்பகல் நேரத்துக்கு மட்டும் கணக்குப் போடுகிறாள். இப்போது பேட்டரிக்குள் 17 ஆம்பியர், 13.3 வோல்ட், அதாவது 226 வாட் போகிறது. எம்பிபிடி இருந்தால் சூடான பேனல்களிலிருந்து 16.2 வோல்ட்டில் 17.5 ஆம்பியர், சுமார் 284 வாட் எடுக்கலாம். அதே ஒயரில் 37 வாட் போய்விடும். கன்ட்ரோலரின் திறமை 96 சதவீதம் என்று வைத்தால் பேட்டரிக்குக் கிடைப்பது 237 வாட். வெறும் ஐந்து சதவீத லாபம். பேனல்களைத் தொடராகக் கோத்தால் மின்னோட்டம் பாதியாகிறது, ஒயர் இழப்பு நான்கில் ஒரு பங்காகி 9 வாட்டுக்கு இறங்குகிறது. அப்போது கிடைப்பது 264 வாட், 17 சதவீத லாபம். அவள் வீட்டில் கன்ட்ரோலரின் விலையைவிடப் பேனலைக் கோக்கும் முறை அதிகம் தீர்மானிக்கிறது.

ஆனால் இது நண்பகல் ஒரு கணத்தின் கணக்கு. மார்கழிக் காலையில் பேனல் குளிர்ந்திருக்கும், லாபம் கூடும். பிற்பகலில் பேட்டரி நிறைந்துவிட்டால் கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, லாபம் பூஜ்யமாகும். ஆண்டு முழுக்க உண்மையான லாபம் எவ்வளவு என்று சொல்ல மணிக்கு மணி வெயில், பேனல் வெப்பம், பேட்டரி நிலை, வீட்டுச் சுமை நான்கையும் சேர்த்து ஓட்ட வேண்டும். மல்டிமீட்டரும் நோட்டும் அவளை இங்கேயே விட்டுவிடுகின்றன. இதுதான் நாம் தேடிய கேள்வி. இது அவள் வீட்டிலிருந்து பிறந்தது, ஒரு பருவப் பாடத்தில் கற்கக்கூடிய முறையைக் கேட்கிறது, பதில் என்னவென்று அவளுக்கே இன்னும் தெரியாது.

உங்கள் கேள்வி வேறாக இருக்கலாம். மாதக்கணக்கில் அரைகுறையாகச் சார்ஜ் ஆன பேட்டரி எவ்வளவு கொள்ளளவை இழந்தது என்பதோ, சும்மா இருக்கும் இன்வெர்ட்டர் இரவு முழுக்க எவ்வளவு தின்கிறது என்பதோ ஆகலாம். எதுவானாலும் எண்ணில் தொடங்கி எண்ணில் தடுமாறி நிற்கிற கேள்வியாக இருக்கட்டும்.

எழுதும் வரிசை

800 சொல் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பப் பக்கத்தில் வரம்பும் கேள்விகளும் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். சுமார் 120 சொல்லில் அமைப்பும் அதன் தேவையும், 280 சொல்லில் கோளாறும் அதைக் கண்டுபிடித்த வழியும், 150 சொல்லில் தீராத கேள்வி, 150 சொல்லில் அந்தப் படிப்பு ஏன், மீதி நூறில் படித்து முடித்தபின் என்ன வேலை. மதிப்பெண்ணும் கல்லூரித் திட்டங்களும் தற்குறிப்பில் இருக்கின்றன, இங்கே திரும்பச் சொல்ல வேண்டாம். கல்லூரியில் செய்த ஏதாவது ஒன்று இந்தக் கேள்வியோடு நேராகச் சேருமானால் மட்டும் ஒரு வரி.

பலர் பருவநிலை மாற்றத்திலிருந்து தொடங்குகிறார்கள். "உலகம் வெப்பமாகி வருகிறது, படிம எரிபொருள் தீர்ந்து வருகிறது" என்று ஒரு பத்தி போகும். அதைப் படிப்பவர் அந்தத் துறையில்தான் வாழ்க்கை நடத்துகிறார். அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தொடங்குங்கள். ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ எழுதப்போகிறீர்கள் என்றாலும் முதல் வரைவைத் தமிழில் எழுதிப் பார்த்தால் உள்ளடக்கம் தெளிவாக வரும். நம் மாணவியின் முதல் பத்தி இப்படி இருக்கலாம்:

"எங்கள் வீட்டில் மின்வெட்டுக்காக ஒரு 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து ஆண்டுகளாக இருந்தது. அதை வெயிலில் சார்ஜ் செய்ய 330 வாட் பேனல்களைச் சேர்த்தேன். நாளுக்கு 1.65 கிலோவாட்-மணி வரும் என்று கணக்கிட்டேன். முதல் மாதம் பேட்டரிக்குப் போனது அதில் பாதிகூட இல்லை. ஆனால் சார்ஜ் கன்ட்ரோலர் தினமும் காலை பத்தரைக்கே பேட்டரி நிறைந்துவிட்டது என்று காட்டியது."

ஐந்து வாக்கியம். யார், என்ன, எவ்வளவு, எங்கே சிக்கல், எல்லாம் வந்துவிட்டன. அடுத்த பத்தியைப் படிக்காமல் விட மனம் வராது. இதோடு ஒப்பிட ஒரு பழக்கமான தொடக்கத்தையும் பாருங்கள்: "சிறுவயதிலிருந்தே சூரியனின் அளவற்ற ஆற்றல் என்னை வியக்க வைத்தது. அந்த ஆர்வத்தால் எங்கள் வீட்டில் சோலார் அமைத்து மின்கட்டணத்தை வெகுவாகக் குறைத்தேன்." இதை எழுதியவருக்கும் மாடியில் ஒரு நல்ல கதை இருந்திருக்கும். அது இங்கே வரவே இல்லை.

கோளாறுப் பத்தியில் எல்லா எண்ணையும் திணிக்காதீர்கள். 14.4, 13.0, 0.12 ஓம், 55-லிருந்து 82 ஆகிய நான்கு போதும். கேள்விப் பத்தியில் 5 சதவீதமும் 17 சதவீதமும். மற்றவை நேர்காணலுக்கு.

யார் செய்தது

இந்த அறிக்கையில் வினைச்சொல்லில் நேர்மை வேண்டும். கணக்கு நீங்கள் போட்டீர்கள், பேனல் சட்டத்தை வெல்டர் செய்தார், இன்வெர்ட்டர் இணைப்பை எலக்ட்ரீஷியன் செய்தார் என்றால் அப்படியே எழுதுங்கள். "பேனல் அளவையும் ஒயரையும் நான் தேர்ந்தேன், இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்தார், ஆறு வாரம் நான் அளவெடுத்தேன்" என்பது "நானே அமைத்தேன்" என்பதைவிட வலுவானது. பாதுகாப்பு தெரிந்தவர் என்றும் அது காட்டும்.

வீட்டில் இருப்பது மின்வாரிய இணைப்போடு சேர்ந்த 2 அல்லது 3 கிலோவாட் அமைப்பு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியத்தில் போட்டது என்றால் அதைப் பதிவு பெற்ற விற்பனையாளர்தான் நிறுவியிருப்பார். இந்தியாவைத் தெரிந்த தேர்வாளருக்கு இது தெரியும். அந்த அமைப்பில் உங்கள் பங்கு வேறாக இருந்திருக்கும்: நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தது, மேற்கோள் விலைகளை ஒப்பிட்டது, இன்வெர்ட்டர் செயலியில் வந்த உற்பத்தியை மின்கட்டண அட்டையோடு பொருத்திப் பார்த்தது. அதைச் சொல்லுங்கள், அதிலும் கோளாறும் கேள்வியும் கிடைக்கும்.

எண்கள் தவறும் இடங்கள்

கிலோவாட்டும் கிலோவாட்-மணியும் குழம்புவதுதான் மிகப் பெரிய சேதம். "தினமும் 330 வாட் உற்பத்தி செய்கிறது" என்ற ஒரு வரி போதும், இந்த மாணவருக்கு அடிப்படை தெரியாது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். வாட் என்பது வேகம், வாட்-மணி என்பது போன தூரம் என்று நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் அலகைத் திரும்பப் பாருங்கள். பேட்டரியின் ஆம்பியர்-மணியை அப்படியே ஆற்றலாக எழுதுவதும் இதே இனம்.

அடுத்தது பணக் கணக்கு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். நம் எடுத்துக்காட்டு வீட்டில் பேட்டரி, இன்வெர்ட்டர் இழப்புகள் போக மின்விசிறிக்கும் விளக்குக்கும் கிடைப்பது நாளுக்கு முக்கால் யூனிட் அளவு. இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். அந்த வீடு மொத்தமே நூறு யூனிட்டுக்குள் ஓடுகிறது என்றால் பணச் சேமிப்பு பூஜ்யம். சராசரி விலையால் பெருக்கி "நான்கு ஆண்டில் முதல் திரும்பியது" என்று எழுதுவது தவறு. அந்த வீட்டுக்குக் கிடைத்த பயன் மின்வெட்டு இரவில் மின்விசிறி எத்தனை மணி நேரம் ஓடியது என்பது. அதை அளந்திருந்தால் எழுதுங்கள், மதிப்பு அதற்குத்தான்.

கார்பனிலும் இப்படியே. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. நாளுக்கு முக்கால் யூனிட் என்றால் ஆண்டுக்குச் சுமார் 270 யூனிட், 200 கிலோவுக்குள். டன் கணக்கில் குறைத்ததாக எழுதிய விண்ணப்பங்கள் இந்த ஒரு பெருக்கலில் விழுந்துவிடும். எண் சிறியதாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். 330 வாட் அமைப்பு அவ்வளவுதான் செய்யும், அதைத் தெரிந்தவர்தான் பெரிய அமைப்பைச் சரியாகக் கணக்கிடுவார்.

படிப்போடு இணைப்பது

எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே அறிக்கையை அனுப்பினால் இந்தப் பகுதி காட்டிக்கொடுக்கும். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் படிப்புகள் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் சோலார் செல்லுக்குள் நடப்பதில் பேர்பெற்றது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் 1987 முதல் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் முதுகலைப் படிப்பு நடத்தி வருகிறது, பல நாட்டு மாணவர்கள் அங்கே வருகிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் உள்ள படிப்பு காற்று, சூரியன், சேமிப்பு, மின்கட்டமைப்பு என்று அகலமானது. நம் மாணவியின் கேள்வி செல்லுக்குள் இல்லை, செல்லுக்கும் பேட்டரிக்கும் வீட்டுச் சுமைக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே அவள் அமைப்பு வடிவமைப்பும் சேமிப்பும் உள்ள படிப்பைத் தேட வேண்டும். செல் ஆய்வுக்குப் பேர்போன இடத்துக்கு இதே அறிக்கையை அனுப்பினால் நல்ல விண்ணப்பம் தப்பான வாசலில் நிற்கும்.

ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன கற்பிக்கிறார்கள், எத்தனை மணி, எப்படித் தேர்வு என்று மாட்யூல் கையேட்டைப் பொதுவில் வைத்திருப்பது வழக்கம். அதைத் திறந்து உங்கள் கேள்விக்குப் பதில் தரக்கூடிய இரண்டு பாடங்களை மட்டும் எடுங்கள். எட்டுப் பாடங்களின் பெயரை அடுக்கினால் இணையப் பக்கத்தைப் பார்த்து எழுதியது என்று தெரியும். இப்படி எழுதலாம்:

"நண்பகலில் 5 சதவீதமாகவும் பேனல்களைத் தொடராக மாற்றினால் 17 சதவீதமாகவும் வரும் லாபம் ஆண்டு முழுக்க எவ்வளவாக இருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிற்பகலில் பேட்டரி எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதை மாதிரியாக்க எனக்குத் தெரியாது. உங்கள் சேமிப்புப் பாடத்தின் ஆய்வகப் பகுதியில் அதைத்தான் செய்கிறீர்கள். என்னிடம் உள்ள ஆறு வார அளவீட்டை அந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்."

விண்ணப்பிக்கும் முன்னரே கேள்வியை ஒரு படி நகர்த்திக் காட்டினால் இன்னும் நல்லது. பைத்தானில் `pvlib` என்ற இலவச நூலகம் இருக்கிறது. உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், பேனல் சாய்வு, திசை கொடுத்தால் மேகமற்ற நாளின் வெயிலை மணிக்கு மணி தரும். அதை உங்கள் தெளிவான நாள் அளவோடு பக்கத்தில் வைத்து, எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். விலகினால் மறைக்க வேண்டாம். மாலையில் மட்டும் குறைகிறது என்றால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழலாக இருக்கலாம், மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

படித்த பின் என்ன என்ற கடைசிப் பகுதியும் இதே நூலில் ஓடட்டும். "நாட்டின் ஆற்றல் துறைக்குப் பங்களிப்பேன்" என்பது யாரும் எழுதலாம். தமிழ்நாட்டு வீடுகளில் மின்வெட்டுக்காக வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் பேனல் சேர்க்கும்போது கன்ட்ரோலரை எங்கே மாட்டுவது, எந்த ஒயர், எப்படிக் கோப்பது என்று சிறிய நிறுவுநர்கள் பின்பற்றக்கூடிய வடிவமைப்பு முறைகளை உருவாக்கும் வேலை என்று அவள் எழுதலாம். சிறிய வேலை போலத் தெரியும். ஆனால் அதைச் செய்யக்கூடியவர் என்று அறிக்கையின் முதல் பக்கமே சொல்லியிருக்கிறது.

அனுப்பும் முன்

வரைவை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் சோலார் தெரிந்த எலக்ட்ரீஷியன் அல்லது மின்பொறியியல் ஆசிரியர். அவரிடம் நடை பற்றிக் கேட்காதீர்கள், எண்களை மட்டும் மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொருவர் இந்தத் துறை தெரியாத, நன்றாக வாசிக்கும் ஒருவர், அக்காவோ சித்தப்பாவோ யாராகவும் இருக்கலாம். படித்து முடித்ததும் "அந்த வீட்டில் என்ன கோளாறு, ஏன்?" என்று கேளுங்கள். கன்ட்ரோலர் பேட்டரியிலிருந்து தூரத்தில் இருந்ததால் அது ஏமாந்துவிட்டது என்று அவர் சொல்லிவிட்டால் பத்தி சரி. ஒயர் மெலிசு என்று மட்டும் சொன்னால் விளக்கம் பாதியில் நிற்கிறது, திருத்துங்கள்.

கூடவே ஒற்றைப் பக்கத்தில் அமைப்பின் கோட்டுப்படம் ஒன்றைக் கையால் வரைந்து, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பேனல், ஒயரின் நீளமும் தடிமனும், ஃபியூஸ், கன்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர், கன்ட்ரோலர் முன்பு இருந்த இடம் புள்ளிக்கோட்டில். இணைப்புகள் அனுமதிக்கும் படிப்புகளுக்கு அதை அனுப்பலாம். அனுமதிக்காதவற்றுக்கு நேர்காணல் நாளன்று, அளவீட்டு நோட்டோடு சேர்த்து, கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.